இங்கிலாந்து வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் எல்லையில்லா இன்டெம்னிட்டி: கையெழுத்திடலாமா?

ஒலுவில் பட்டதாரி

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் அக்கரைப்பற்றில் வீட்டிலிருந்தபடி கணிய அளவை வேலை செய்து வருகிறேன். இங்கிலாந்திலுள்ள ஒரு சிறிய கட்டுமான நிறுவனம் கேள்விமனுவுக்குரிய வரைபடங்களை எனக்கு அனுப்பும். நான் அவற்றிலிருந்து கொங்கிரீட், கம்பி, செங்கல், கூரை முதலியவற்றின் அளவுகளை எடுத்து பி.ஓ.கியூ. எனப்படும் அளவுப் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பேன். அதற்கு அவர்கள் விலை போட்டுக் கேள்விமனுவைச் சமர்ப்பிப்பார்கள். ஒரு வேலைக்கு ஏறத்தாழ 400 பவுண் கிடைக்கிறது.

இதுவரை எல்லாம் மின்னஞ்சல் பேச்சிலேயே நடந்தது. இப்போது ஒரு முறையான ஒப்பந்தத்தை அனுப்பி, கையெழுத்திட்டால்தான் அடுத்த வேலை என்கிறார்கள். அதில் மூன்று வாசகங்கள் என்னை யோசிக்க வைக்கின்றன. அவற்றின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

11ஆம் வாசகம், அதாவது இழப்பை ஈடு செய்வதாக உறுதியளிக்கும் இன்டெம்னிட்டி: "சேவைகளிலிருந்து எழுகின்ற அல்லது அவற்றோடு தொடர்புடைய எந்தவொரு இழப்பு, சேதம், கோரிக்கை, செலவு, சட்டக் கட்டணம் ஆகியவற்றுக்கும் எதிராகச் சேவை வழங்குநர் வாடிக்கையாளரைக் காத்து, முழுமையாக ஈடு செய்வார்."

12ஆம் வாசகம்: "11ஆம் வாசகத்துக்கு உட்பட்டு, சேவை வழங்குநரின் மொத்தப் பொறுப்பு முந்தைய 12 மாதங்களில் அவருக்குச் செலுத்தப்பட்ட கட்டணத்தை மிஞ்சாது."

14ஆம் வாசகம்: "சேவை வழங்குநர் 250,000 பவுணுக்குக் குறையாத தொழில்சார் பொறுப்புக் காப்புறுதியைப் பேணுவார்."

12ஆம் வாசகம் இருப்பதால் என் பொறுப்பு நான் வாங்கிய கட்டணத்தோடு நின்றுவிடும் என்று நினைக்கிறேன். அது சரிதானா? காப்புறுதி உண்மையிலேயே தேவையா? இங்கே அப்படி ஒரு பொலிசி கிடைக்குமா?

கல்லடிப் பாலம்

தம்பி, நான் மட்டக்களப்பிலிருந்து மென்பொருள் வேலை செய்கிறவன். இதே மாதிரியான வாசகங்கள் எனக்கு வந்த எல்லா ஒப்பந்தங்களிலும் இருந்தன. பொறுப்பு வரம்பு என்ற ஒன்று எழுதப்பட்டிருந்தால் போதும், அதற்கு மேல் அவர்கள் ஒரு சதமும் கேட்க முடியாது. அதோடு, ஓர் இங்கிலாந்துக் கம்பனி 400 பவுண் வேலைக்காக அக்கரைப்பற்றுக்கு வந்து வழக்குப் போடப் போவதில்லை. காப்புறுதிக்குக் கொடுக்கும் காசு வீண். கையெழுத்திட்டு வேலையைத் தொடருங்கள்.

தேற்றாத்தீவு

காப்புறுதி எடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது இரண்டு கணினிகளும் ஒரு பிரின்டரும் பழுதாகின. காப்புறுதி இருந்தபடியால் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைத்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும்.

வாவிக்கரை

தேற்றாத்தீவு அண்ணா சொல்வது சொத்துக் காப்புறுதி. நமது பொருளுக்குச் சேதம் வந்தால் அது பணம் தரும். தம்பி கேட்பது, நமது வேலையில் ஏற்பட்ட பிழையால் இன்னொருவருக்கு இழப்பு வந்து, அவர் நம்மிடம் பணம் கேட்டால் யார் கொடுப்பது என்பதைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு பொலிசிகள். ஒன்று இருப்பதால் மற்றது கிடைத்துவிடாது.

நான் கொழும்பில் ஒரு காப்புறுதித் தரகு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் நீண்ட காலம் இருந்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். ஒலுவில் பட்டதாரியின் கேள்விக்கு வருகிறேன். 12ஆம் வாசகம் உங்களைக் காப்பாற்றாது தம்பி. அதன் முதல் மூன்று சொற்களை மறுபடி வாசியுங்கள்: "11ஆம் வாசகத்துக்கு உட்பட்டு". இன்டெம்னிட்டியின் கீழ் வரும் எதுவும் இந்த வரம்புக்குள் அடங்காது என்பதுதான் அந்தச் சொற்களின் வேலை. 11ஆம் வாசகமோ, வேலையோடு தொடர்புடைய எந்த இழப்பையும் விழுங்கும் அளவுக்கு அகலமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் 11இன் கீழ் கேட்பார். 12க்குள் வந்து அடைபட அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. வரம்பு தாளில் இருக்கிறது, ஆனால் அதன் கீழ் வரக்கூடிய கோரிக்கை என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

கணக்கோடு சொன்னால் இது தெளிவாகும். ஒரு களஞ்சியக் கட்டடத்தின் தரைத்தளக் கொங்கிரீட் 840 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தின் பி திருத்தத்தில் தடிப்பு 150 மில்லிமீற்றர், கம்பிவலை ஓர் அடுக்கு. பிறகு வந்த சி திருத்தத்தில் தடிப்பு 200, கம்பிவலை இரண்டு அடுக்கு. நீங்கள் பழைய தாளில் அளவெடுத்துவிட்டீர்கள். கொங்கிரீட்டில் 42 கனமீற்றர் குறைகிறது, கம்பிவலையில் 840 சதுர மீற்றர் குறைகிறது. கொங்கிரீட்டைக் கனமீற்றருக்கு 160 பவுண் என்றும் வலையைச் சதுர மீற்றருக்கு 7 பவுண் என்றும் உதாரணத்துக்கு எடுத்தால், 6,720உம் 5,880உம் சேர்த்து 12,600 பவுண். உங்கள் கட்டணம் 400.

இப்போது இரண்டு பாதைகள் இருக்கின்றன. இன்டெம்னிட்டி இல்லாத சாதாரண ஒப்பந்தத்தில், நீங்கள் நியாயமான தொழில் கவனத்தோடு வேலை செய்யவில்லை என்பதையும், அந்தத் தவறால்தான் இழப்பு வந்தது என்பதையும், இழப்பின் அளவையும் வாடிக்கையாளர் நிரூபிக்க வேண்டும். அங்கே நீங்கள் வாதாட இடமுண்டு. சரியான அளவைக் கொடுத்திருந்தால் அவருடைய விலை 12,600 பவுண் கூடியிருக்கும். அந்த விலைக்கு அந்த வேலை அவருக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்திராது என்றால், அவர் இழந்தது 12,600 அல்ல. தவறு நேராதிருந்தால் அவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அதுபோல, அவருக்கும் கட்டட உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் உண்மையில் செய்யப்பட்ட அளவுக்குப் பணம் கொடுக்கும் வகையைச் சேர்ந்ததா, மொத்தத் தொகை பேசியதா என்பதையும் கேட்க வேண்டும். அளவுக்குப் பணம் என்றால் கூடுதல் கொங்கிரீட்டுக்கு உரிமையாளரே பணம் கொடுத்துவிடுவார். இழப்பே இல்லாமல் போகலாம். மொத்தத் தொகை என்றால்தான் அந்தச் சுமை அவர் தலையில் விழும்.

இரண்டாவது பாதை உங்கள் 11ஆம் வாசகம். அதில் கவனக்குறைவு என்ற சொல்லே இல்லை. நீங்கள் பிழை விட்டீர்களா என்பது கேள்வியே அல்ல. இழப்பு சேவையோடு தொடர்புடையதா என்பது மட்டுமே கேள்வி. சட்டத்தரணிக் கட்டணமும் அதற்குள் வருகிறது. இழப்பைக் குறைக்க வாடிக்கையாளர் ஏதாவது செய்தாரா என்று கேட்கும் உரிமை இன்டெம்னிட்டிக் கோரிக்கையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே வாதத்துக்குரிய விடயம். மேலே சொன்ன வாதங்களில் பெரும்பகுதியை நீங்கள் கையெழுத்திடும்போதே விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள்.

கல்லடிப் பாலம்

"உட்பட்டு" என்ற சொல்லின் பாரத்தை நான் கவனிக்கவில்லை, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வழக்குப் போட மாட்டார்கள் என்பதில் நான் மாறவில்லை. அதற்கும் மேலாக, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் நமது நாட்டில் இருக்கிறது. இப்படிப்பட்ட அநியாய வாசகத்தை நீதிமன்றம் தள்ளிவிடும் அல்லவா?

சம்மாந்துறைச் சட்டம்

அந்தச் சட்டம் இருப்பது உண்மை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டின் சட்டம் பொருந்தும் என்பது. ஒலுவில் பட்டதாரி, ஆளும் சட்டம், நியாயாதிக்கம் என்ற வாசகங்கள் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அவற்றையும் தயவுசெய்து போடுங்கள்.

ஒலுவில் பட்டதாரி

19ஆம் வாசகத்தில் இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்டம் என்றும், பிணக்குகள் லண்டனில் ஒரு தனி நடுவர் முன் தீர்க்கப்படும் என்றும் இருக்கிறது. வாவிக்கரை அண்ணா சொன்ன கணக்கை வாசித்துவிட்டு, என் பழைய கோப்புகளைத் திறந்து எந்தெந்தத் திருத்தத்தில் அளவெடுத்தேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சம்மாந்துறைச் சட்டம்

அப்படியானால் நமது 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம். இங்கிலாந்தில் அதே நோக்கத்துக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நியாயமற்ற இன்டெம்னிட்டியைக் கட்டுப்படுத்திய அதன் 4ஆம் பிரிவு நுகர்வோரை மட்டுமே பாதுகாத்தது. 2015இல் அதுவும் நீக்கப்பட்டு, நுகர்வோர் பாதுகாப்பு வேறொரு சட்டத்துக்குப் போய்விட்டது. தொழிலாகச் சேவை வழங்குகிற நீங்கள் அந்த வரைவிலக்கணத்துக்குள் வர மாட்டீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, இரு தரப்பும் தெரிந்தெடுத்த காரணத்தால் மட்டுமே ஆங்கிலச் சட்டம் பொருந்துகிறது, அந்தத் தெரிவு இல்லாவிட்டால் வேறு நாட்டுச் சட்டமே பொருந்தியிருக்கும் என்ற நிலையில், அச்சட்டத்தின் முக்கியப் பாதுகாப்புப் பிரிவுகள் இயங்காது. சேவை ஒப்பந்தத்தில் எதுவும் தெரிந்தெடுக்காவிட்டால் பொதுவாகச் சேவை வழங்குநர் வாழும் நாட்டின் சட்டமே அங்கு பார்க்கப்படும். உங்கள் விடயத்தில் அது இலங்கை. ஆகவே இந்த ஒப்பந்தத்தில் நியாயமா இல்லையா என்று ஒரு சட்டம் வந்து பார்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாளில் எழுதியிருப்பதுதான் பெரும்பாலும் நிற்கும். இதில் உங்களுக்குச் சாதகமும் உண்டு. நீங்கள் பேசிப் பெற்றுக்கொள்ளும் வரம்பையும் அந்தச் சட்டத்தைக் காட்டி அவர்கள் எளிதில் உடைக்க முடியாது.

"வழக்குப் போட மாட்டார்கள்" என்பதற்கு: நடுவர் தீர்ப்பு வந்துவிட்டால், 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் அதை இலங்கை மேல் நீதிமன்றத்தில் நிறைவேற்ற விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயோர்க் சமவாயத்தில் இலங்கையும் இருக்கிறது. சிறு தொகைக்கு அவ்வளவு தூரம் வருவார்களா என்பது வேறு கேள்வி, ஆனால் கதவு திறந்தே இருக்கிறது.

வாவிக்கரை

சம்மாந்துறைத் தம்பி சட்டத்தைச் சொன்னார், நான் நடைமுறையைச் சொல்கிறேன். நான் கண்ட பிணக்குகளில் நீதிமன்றம் வரை போனவை சொற்பம். நடப்பது வேறு. அடுத்த மூன்று இன்வொய்ஸ்களுக்குப் பணம் வராது. கேட்டால், 11ஆம் வாசகத்தின் கீழ் கழித்துக்கொண்டோம் என்று ஒரு மின்னஞ்சல் வரும். அப்போது வழக்குப் போட வேண்டியவர் நீங்கள், அவரல்ல. மாத வருமானம் முழுவதும் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறவருக்கு இது எவ்வளவு பாரம் என்று நான் விளக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே கழித்தல் உரிமை பற்றிய வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிந்தவூர் நங்கை

என் அனுபவத்தையும் சொல்ல விரும்புகிறேன். நான் கிராஃபிக் டிசைன் செய்கிறேன். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தயாரித்த துண்டுப்பிரசுரத்தில் பயன்படுத்திய படம் ஒன்றுக்கு, உரிமையாளரின் முகவர் அவரிடம் பணம் கேட்டார். இலவசம் என்று போட்டிருந்த தளத்திலிருந்தே அந்தப் படத்தை எடுத்திருந்தேன். வாடிக்கையாளர் அந்தக் கடிதத்தை அப்படியே எனக்கு அனுப்பி, ஒப்பந்தப்படி நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றார். கட்டினேன். ஆகவே என் கருத்து, இன்டெம்னிட்டி என்று எது இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தையே தொடக்கூடாது.

வாவிக்கரை

தங்கச்சி, உங்களுக்கு நடந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் அதிலிருந்து அந்த முடிவுக்குப் போக முடியாது. உங்கள் விடயத்தில் மூன்றாம் ஆள் ஒருவர் வந்து வாடிக்கையாளரிடம் பணம் கேட்டார். அந்தப் படத்தைத் தெரிந்தெடுத்தது நீங்கள், வாடிக்கையாளருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. அந்த அளவுக்கு ஒரு இன்டெம்னிட்டி கேட்பது நியாயமானதே, வெளிநாட்டு வாடிக்கையாளர் எவரும் அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். ஒலுவில் பட்டதாரியின் வாசகத்தில் உள்ள பிரச்சினை அதுவல்ல. மூன்றாம் ஆள் கோரிக்கை என்ற வட்டத்தைத் தாண்டி, வாடிக்கையாளரின் சொந்த வியாபார நட்டத்தையும் அது உங்களிடம் தள்ளிவிடுகிறது. "எந்தவொரு கோரிக்கையும்" என்பது வேறு, "எந்தவொரு இழப்பும்" என்பது வேறு. கையெழுத்திடுவதற்கு முன் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தால், இன்டெம்னிட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

இப்போது காப்புறுதிக்கு வருகிறேன், ஏனென்றால் 11ஆம் வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொலிசி எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தொழில்சார் பொறுப்புப் பொலிசிகளில் வழக்கமாக ஒரு விலக்கு இருக்கும்: ஒப்பந்தத்தால் மட்டுமே ஏற்றுக்கொண்ட பொறுப்பு, அதாவது அந்த ஒப்பந்த வாசகம் இல்லாவிட்டால் உங்கள் மேல் வந்திருக்காத பொறுப்பு, காப்புறுதிக்குள் வராது. காப்புறுதிக் கம்பனி ஏற்பது உங்கள் கவனக்குறைவால் வந்த இழப்பை. நீங்கள் ஒரு கையெழுத்தால் பெருப்பித்துக்கொண்ட பகுதியை அவர்கள் உங்களிடமே விட்டுவிடுவார்கள். மேலே சொன்ன உதாரணத்தில், கவனக்குறைவுக்கு உரிய இழப்பு 5,000 பவுண் என்று மதிப்பிடப்பட்டு, இன்டெம்னிட்டியின் கீழ் அவர் 12,600உம் சட்டச் செலவும் கேட்டால், பொலிசி 5,000 வரைதான் பேசும். மீதி உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். ஆகவே முதலில் வாசகத்தைத் திருத்த வேண்டும். அதன் பிறகுதான் பொலிசிக்குப் பெறுமதி.

ஒலுவில் பட்டதாரி

இந்த விலக்கைப் பற்றி எவரும் எனக்குச் சொன்னதில்லை. அப்படியானால் 14ஆம் வாசகத்தை நிறைவேற்றி 250,000 பவுண் பொலிசி எடுத்தாலும், 11ஆம் வாசகம் அப்படியே இருந்தால் பாதுகாப்பில் ஓட்டை இருக்கும் என்று விளங்கிக்கொள்கிறேன். பொலிசி எடுப்பதாயின் வேறு எதைப் பார்க்க வேண்டும் அண்ணா?

வாவிக்கரை

சரியாக விளங்கிக்கொண்டீர்கள். பார்க்க வேண்டியவை பல. உங்கள் நிலையில் இருப்பவருக்கு மூன்று முக்கியம்.

முதலாவது, இந்தப் பொலிசிகள் வழக்கமாகக் கோரிக்கை வரும் நாளை வைத்தே இயங்குகின்றன, வேலை செய்த நாளை வைத்தல்ல. வாகனக் காப்புறுதியில் விபத்து நடந்த நாளில் பொலிசி இருந்தால் போதும். இங்கே, வாடிக்கையாளர் உங்களிடம் கேட்கும் நாளில் பொலிசி நடைமுறையில் இருக்க வேண்டும். நீங்கள் 2024 மார்ச்சில் செய்த வேலைக்கு 2026இல் கோரிக்கை வந்தால், 2026இன் பொலிசிதான் பதில் சொல்ல வேண்டும். இடையில் காசு மிச்சம் பிடிக்க நிறுத்தியிருந்தால் ஒன்றும் இல்லை. அதோடு பொலிசி அட்டவணையில் பின்னோக்கிய திகதி என்று ஒன்று இருக்கும். அந்தத் திகதிக்கு முன் செய்த வேலைகள் சேராது. புதிதாக எடுக்கிறவருக்குப் பெரும்பாலும் பொலிசி தொடங்கும் நாளையே அந்தத் திகதியாகப் போடுவார்கள். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குத் தொடரக் காலஎல்லை இலங்கையிலும் இங்கிலாந்திலும் பொதுவாக 6 ஆண்டுகள் என்பதையும் சேர்த்து யோசித்தால், ஓராண்டு எடுத்து அடுத்த ஆண்டு விடுவது எவ்வளவு பயனற்றது என்று புரியும்.

இரண்டாவது, நியாயாதிக்க எல்லை. உள்ளூர்ப் பொலிசி இலங்கை நீதிமன்றங்களில் எழும் கோரிக்கைகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கலாம். உங்கள் பிணக்கோ லண்டனில் நடுவர் முன் போக வேண்டியது. பொலிசியில் ஐக்கிய இராச்சியம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, நடுத்தீர்ப்பும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவையும் கனடாவையும் பெரும்பாலும் விலக்கியே வைப்பார்கள். அங்கே வாடிக்கையாளர் இருப்பவர்கள் இதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, அறிவித்தலும் ஒப்புக்கொள்ளுதலும். "உங்கள் அளவுகளில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது" என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தாலே அதைக் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். பணம் கேட்கும் வரை காத்திருக்கக்கூடாது. அவர்களைக் கேட்காமல் "பிழை என்னுடையதுதான், சரிசெய்து தருகிறேன்" என்று பதில் எழுதினால், அனுமதியின்றிப் பொறுப்பை ஏற்றதாகச் சொல்லி அவர்கள் கைவிடலாம். நமது ஊரில் நேர்மையானவர்கள் முதலில் செய்வது மன்னிப்புக் கேட்பதுதான், அதனால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். "உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, பரிசீலித்துப் பதில் தருகிறேன்" என்பதற்கு மேல் அன்று எதுவும் எழுத வேண்டாம்.

கிடைக்குமா என்று கேட்டீர்கள். இங்கே பொறியியலாளர், கட்டடக் கலைஞர், வைத்தியர், கணக்காளர் போன்றோருக்கு இந்தப் பொலிசி பழக்கமானது. வீட்டிலிருந்து தனியாள் வெளிநாட்டுக்குச் செய்யும் வேலை என்றவுடன் தயங்குவார்கள். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ கிளைக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் தலைமையகத்துக்குத்தான் அனுப்புவார்கள். இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான தரகர் ஒருவர் மூலம் முன்மொழிவுப் படிவத்தை நிரப்பி, இரண்டு மூன்று கம்பனிகளிடம் விலை கேட்பதே நல்லது. படிவத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர், ஆண்டு வருமானம், செய்கிற வேலையின் தன்மை ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதுங்கள். "கணினி வேலை" என்று பொதுவாக எழுதிவிட்டுக் கணிய அளவைக்குக் கிளெய்ம் கேட்டால் நிற்காது.

கல்லடிப் பாலம்

ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வேலை செய்கிறவருக்கு 250,000 பவுண் பொலிசியின் பிரீமியம் தாங்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வரம்பைக் கட்டணத்தோடு நிறுத்திவிட்டால், காப்புறுதி எடுக்காமலே அந்தத் தொகையை ஒரு வங்கிக் கணக்கில் ஒதுக்கி வைக்கலாமே?

வாவிக்கரை

அந்தக் கேள்வி நியாயமானது, அதற்கு ஒரே பதில் இல்லை. வரம்பு உண்மையில் 400 பவுணில் நின்றால், ஒதுக்கி வைத்தாலே போதும். ஆனால் வாடிக்கையாளர்கள் ஒரு வேலையின் கட்டணத்தோடு நிற்கச் சம்மதிப்பது அரிது. அவர்கள் கேட்பது ஆண்டுக் கட்டணத்தின் சில மடங்காக இருக்கும். 5,000, 10,000 என்று போனால் நமது ரூபாவில் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு மிச்சம் அது. அங்கேதான் பொலிசிக்குப் பொருள் வருகிறது. வரம்பு எவ்வளவோ அதற்குப் பொருத்தமான தொகைக்குப் பொலிசி எடுத்தால் போதும். 10,000 பவுண் வரம்புக்கு 250,000 பவுண் பொலிசி எதற்கு என்று 14ஆம் வாசகத்தையும் கேட்டுக் குறைக்கலாம்.

நான் எழுதுவதானால் இப்படி எழுதிக் கேட்பேன். 11ஆம் வாசகம்: "சேவை வழங்குநர் நியாயமான தொழில் திறனோடும் கவனத்தோடும் செயற்படத் தவறியதன் நேரடி விளைவாக மூன்றாம் தரப்பினர் வாடிக்கையாளருக்கு எதிராகக் கொண்டுவரும் கோரிக்கைகளுக்கு மட்டும் ஈடு செய்வார்." 12ஆம் வாசகம்: "ஒப்பந்த மீறல், கவனக்குறைவு, 11ஆம் வாசகத்தின் கீழான பொறுப்பு உட்பட எந்த அடிப்படையில் எழுந்தாலும், சேவை வழங்குநரின் மொத்தப் பொறுப்பு, எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து, இன்ன தொகையை மிஞ்சாது." "உட்பட்டு" போய் "உட்பட" வந்தால் வரம்பு வேலை செய்யத் தொடங்கும். "எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து" என்பதையும் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்தத் தொகை என்று வாதிடுவார்கள்.

சம்மாந்துறைச் சட்டம்

ஒன்று சேர்க்கிறேன். மறைமுக இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வசனத்தைப் பலர் பெரிய கவசமாக நினைக்கிறார்கள். ஆங்கிலச் சட்டத்தில் 1854ஆம் ஆண்டின் ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் வழக்கின் வழியில், சாதாரணமாக அந்த மீறலிலிருந்து வரக்கூடிய இலாப இழப்பு நேரடி இழப்பாகவே கருதப்படலாம். ஆகவே இலாப இழப்பையும் கேள்விமனு இழப்பையும் விலக்க வேண்டுமாயின், நேரடியாயினும் மறைமுகமாயினும் என்று சேர்த்து, அவற்றைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

வாவிக்கரை

உண்மை. ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு பி.ஓ.கியூ. அனுப்பும்போதும், எந்த வரைபட இலக்கம், எந்தத் திருத்தம், எந்தத் திகதி என்பதை வரைபடத்தின் தலைப்புக் கட்டத்திலிருந்து எடுத்து ஒரு பட்டியலாகப் போட்டு, "இவற்றின் அடிப்படையில் அளவெடுக்கப்பட்டது, கேள்விமனு சமர்ப்பிக்க முன் பிந்திய திருத்தங்கள் உள்ளனவா எனச் சரிபார்க்கவும்" என்று எழுதுங்கள். சி திருத்தம் உங்களுக்கு அனுப்பப்படவே இல்லை என்றால், அந்தப் பட்டியல்தான் உங்கள் சாட்சி. கிளெய்ம் கோப்புகளில் இந்தத் தாள் இருந்தவரும் இல்லாதவரும் பேசும் பேச்சே வேறு.

ஒலுவில் பட்டதாரி

அண்ணா சொன்ன வாசகங்களை ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்பினேன்; பதில் வந்துவிட்டது. 11ஐ மூன்றாம் தரப்புக் கோரிக்கைக்குள் சுருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். 12இல் "உட்பட" என்பதையும் ஏற்றார்கள், ஆனால் தொகை 8,000 பவுண் என்கிறார்கள். 14இல் 50,000 பவுண் பொலிசி கேட்கிறார்கள். புதிதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள்: இரகசியத் தகவல் மீறலுக்கும் வேண்டுமென்றே செய்த தவறுக்கும் வரம்பு இல்லை. தரகர் ஒருவரிடம் விலை கேட்டிருக்கிறேன்.

நிந்தவூர் நங்கை

வேண்டுமென்றே செய்த தவறுக்கு வரம்பில்லை என்பது சரி. ஆனால் இரகசியத் தகவல்? மின்னஞ்சலைத் தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டால்கூட அதற்குள் வந்துவிடுமே.

வாவிக்கரை

வரும் தங்கச்சி. கேள்விமனு விலைகள் போட்டியாளர் கைக்குப் போனால் இழப்பு பெரிது, ஆகவே அவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இருந்தாலும், தற்செயலான கசிவுக்கு 8,000இலிருந்து வேறுபட்ட, சற்றுக் கூடிய ஒரு தனி வரம்பு கேட்கலாம். தம்பி, உங்களுக்கு வரும் கோப்புகளில் விலைகள் இருக்கின்றனவா, அளவுகள் மட்டும்தானா? விலை உங்களிடம் வருவதே இல்லை என்றால் அந்த வாசகத்தால் ஆபத்துக் குறைவு.

கல்லடிப் பாலம்

இந்த இடத்தில் நான் உடன்படவில்லை. வரம்பில்லாத ஒரு வாசகத்தை உள்ளே விட்டால், நாளைக்கு எல்லாக் கோரிக்கையையும் இரகசிய மீறல் என்ற பெயரில் கொண்டுவருவார்கள். அதை நீக்கும் வரை கையெழுத்திடக்கூடாது.

ஒலுவில் பட்டதாரி

கோப்புகளில் விலைகள் வருவதில்லை, வரைபடங்கள் மட்டுமே. ஆனால் வரைபடங்களும் இரகசியம் என்றே ஒப்பந்தம் சொல்கிறது. தனி வரம்பாக 15,000 பவுண் கேட்டு எழுதுகிறேன். பொலிசியில் இரகசிய மீறல் அடங்குமா என்பதையும் தரகரிடம் கேட்கிறேன். அவர் முன்மொழிவுப் படிவத்தை அனுப்பியிருக்கிறார், அதில் பின்னோக்கிய திகதிக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஏற்கெனவே செய்து கொடுத்த வேலைகளையும் சேர்த்துக்கொள்வார்களா என்று முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.